ஆளைத் தெரியும், அனுப்பியது தெரியுமா?

இரண்டு வாரமாக எதுவும் எழுதவில்லை. கண் மருத்துவர் சொன்னதால் கொஞ்சம் ஓய்வு. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கோபம். யார் மேல் கோபம் என்பதைப் படித்து முடித்ததும் நீங்களே சொல்லுங்கள்.

கடற்கரைச் சாலையில் காலை நடை முடிந்ததும் நாங்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்து பேசுவது வழக்கம். எல்லாரும் பென்ஷன்காரர்கள். அதில் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு நண்பர் அன்று கொதித்துப்போய் வந்தார். பழைய வீட்டு மெட்ராஸ் டெரஸ் ஒழுகுகிறது என்று மரம், சுண்ணாம்பு, ஆள் கூலி எல்லாவற்றுக்குமாக 2,40,000 ரூபாய் எடுக்க வங்கிக்குப் போயிருக்கிறார். செக் புத்தகம் தீர்ந்துவிட்டதால் கவுன்டரில் இருந்த பணம் எடுக்கும் சீட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார். கவுன்டரில் இருந்த பெண் பாஸ்புக் கேட்டது, ஆதார் அட்டை கேட்டது, சீட்டின் பின்பக்கம் தன் எதிரிலேயே கையெழுத்துப் போடச் சொன்னது. பிறகு சீட்டை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனது. அந்த அதிகாரி எழுந்து வந்து, இவர் முகத்தையும் அட்டையையும் பார்த்துவிட்டு, "சார், இவ்வளவு பணம் எதுக்கு?" என்று கேட்டாராம். மொத்தம் இருபது நிமிஷம்.

"நாற்பது வருஷமா இதே வங்கியில கணக்கு வெச்சிருக்கேன். என் பணத்தை நான் எடுக்க என்னைத் திருடன் மாதிரி நிக்க வெச்சுட்டாங்க" என்றார். சுற்றி இருந்த எல்லாரும் ஆமாம் போட்டார்கள். ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள். நான் ஒருவன்தான் தலையாட்டவில்லை. "என்ன முசியே, நீங்க ஒண்ணும் சொல்லலியே" என்று கேட்டார்கள். அங்கே சொன்னால் சண்டை வரும் என்று எழுந்து வந்துவிட்டேன். சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். அந்த நண்பரும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

முதலில் அவர் கொடுத்த சீட்டு என்ன என்று பார்ப்போம். அது செக் இல்லை. அந்தச் சீட்டிலேயே சிறிய எழுத்தில் அப்படி அச்சடித்திருக்கும், நாம்தான் படிப்பதில்லை. செக்குக்கு எண் உண்டு. எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை யாருக்குக் கொடுத்தோம் என்று வங்கியிடம் கணக்கு உண்டு. பணம் எடுக்கும் சீட்டுக்கு அது எதுவும் கிடையாது. கவுன்டர் ஓரத்தில் ஒரு பெட்டியில் கட்டாகக் கிடக்கும். யார் வேண்டுமானாலும் பத்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். அதனால்தான் அந்தச் சீட்டுக்குப் பணம் கொடுக்க, கணக்குக்குச் சொந்தக்காரர் பாஸ்புக்கோடு தானே வந்து நிற்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அந்தத் தாளில் பாதுகாப்பு எதுவும் இல்லை. பாதுகாப்பு என்பது நீங்கள் நேரில் நிற்பதுதான். அப்படியானால் நிற்பவர் நீங்கள்தானா என்று பார்க்காமல் அந்தப் பெண் வேறு எதைப் பார்க்கும்? நாற்பது வருஷக் கணக்கு என்கிறார். அந்தப் பெண் வேலைக்கு வந்து நாலு வருஷம் இருந்தால் அதிகம். வந்த கிளையும் ஆறேழு மாதம் முன்னால் மாற்றலில் வந்த கிளையாக இருக்கும். அதற்கு நம்மை எப்படித் தெரியும்?

அடுத்து 'செல்ஃப்' என்று எழுதும் செக். நம்மில் பலர் நினைப்பது, செல்ஃப் என்று எழுதிவிட்டால் நமக்கு மட்டும்தான் பணம் கிடைக்கும் என்று. அது தவறு. செக்கில் பெயர் எழுதும் கோட்டின் கடைசியில் 'அல்லது கொண்டு வருபவருக்கு' என்ற பொருளில் 'ஆர் பேரர்' என்று அச்சடித்திருக்கும். அதை அடிக்காமல் விட்டால் செல்ஃப் செக்கும் பேரர் செக்தான். யார் கையில் இருக்கிறதோ அவர் கொண்டுபோய் நீட்டலாம். கேட்கிற தொகையைக் கொடுக்க வங்கிக்குச் சட்டம் இடம் தருகிறது. நம் வீட்டுப் பிள்ளையை அனுப்பிப் பணம் எடுத்து வரச் சொல்கிறோமே, அது இந்த இடத்தை வைத்துத்தான்.

இன்னும் ஒரு பழக்கம். செல்ஃப் செக் எழுதும்போதே வீட்டில் உட்கார்ந்து பின்பக்கமும் கையெழுத்துப் போட்டுவிடுவது. அங்கே போய்ப் பேனா தேட வேண்டாம் பாருங்கள்! பின்பக்கக் கையெழுத்து எதற்கு? பணம் வாங்கியவர் கொடுத்தவர் கண்ணெதிரே போடுகிற அத்தாட்சி அது. முன்னால் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கவுன்டரில் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பும் அதுதான். இரண்டையும் வீட்டிலேயே போட்டுவிட்டு வழியில் அந்த செக்கைத் தொலைத்தால், எடுத்தவன் வாய் திறக்காமல் நீட்டினால் போதும். 'சார், என் எதிரே இன்னொரு கையெழுத்துப் போடுங்க' என்று கேட்கிற கேஷியரைத்தான் நாம் திட்டுகிறோம்.

இப்போது என் பழைய உத்தியோகத்துக்கு வருகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன், நான் எழுபதுகளில் புதுச்சேரிக் கருவூலத்தில் எழுத்தராகச் சேர்ந்தவன். பிரெஞ்சு வகுப்பில் படித்துவிட்டு இங்கிலீஷ் ஃபைல்களில் தவித்தவன். எங்கள் பள்ளியில் ஒரு முசியே, எந்தத் தாளிலும் தொகையை எழுத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று அடித்துச் சொல்வார். பிரெஞ்சுக்காரர் வழக்கம் அது. கடன் பத்திரம் என்றால் கையெழுத்துக்கு மேலே 'பொன் பூர்' என்று தொடங்கி, இன்ன தொகைக்குச் சம்மதம் என்று கடனாளி தன் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. வேறு ஒருவர் எழுதி வைத்த தாளில் வெறும் கையெழுத்து வாங்குவது அவர்களுக்குப் போதவில்லை. ஆள் வந்தான் என்பது வேறு, அந்தத் தொகைக்கு அவன் சம்மதித்தான் என்பது வேறு. சின்ன வயதில் மண்டையில் ஏறியது, கருவூலத்தில் பயன்பட்டது.

அந்தக் காலத்தில் மற்ற அலுவலகங்களின் சம்பள பில்லைக் கருவூலத்துக்குக் கொண்டு வருவது ஒரு பியூன். அதிகாரி வரமாட்டார். பியூன் வந்தால் நாங்கள் இரண்டு கையெழுத்தைப் பார்ப்போம். பில்லில் உள்ள அதிகாரியின் கையெழுத்தை, எங்களிடம் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவோம். அடுத்து, 'இதைக் கொண்டு வரும் இன்னாரிடம் கொடுக்கவும், அவர் கையெழுத்து கீழே' என்று அதிகாரி எழுதி, பியூனின் கையெழுத்தை வாங்கி, அதை மெய்யொப்பமிட்டு அனுப்பியிருக்கிறாரா என்று பார்ப்போம். எங்கள் எதிரே பியூன் போடும் கையெழுத்து அதோடு பொருந்த வேண்டும்.

ஒரு நாள் பக்கத்து அலுவலகத்துப் பியூன் வந்தார். தினமும் டீக்கடையில் பார்க்கிற மனுஷர். பில் சரி, அதிகாரி கையெழுத்து சரி. பியூனுக்கான மெய்யொப்பம் மட்டும் விட்டுப்போயிருந்தது. மாதக் கடைசி, அங்கே இருபது பேர் சம்பளத்துக்குக் காத்திருக்கிறார்கள். நான் பாஸ் செய்யலாம் என்று எடுத்துப் போனேன். எங்கள் தலைமை எழுத்தர் திருப்பி அனுப்பிவிட்டார். "ஐயா, நமக்குத் தெரிஞ்சவர்தானே" என்றேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இவன் யாருன்னு எனக்கு நல்லாத் தெரியும்டா. அவர் இவனை அனுப்பினாரான்னுதான் எனக்குத் தெரியாது."

அந்தப் பியூன் எந்தத் தப்பும் செய்யவில்லை. அரை மணியில் மெய்யொப்பத்தோடு வந்து பணம் வாங்கிப்போனார். ஆனால் அந்த வாக்கியத்தின் முழு அர்த்தம் எனக்குப் புரிந்தது பல வருஷம் கழித்து, என் அக்கா வீட்டில்.

அக்காவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அத்தான் காலமான பிறகு குடும்ப ஓய்வூதியம் வருகிறது. பிள்ளைகள் இருவரும் பிரான்ஸில். வீட்டுக்கு மின் கட்டணம் கட்ட, மருந்து வாங்கி வர ஒருவர் வந்து போய்க்கொண்டிருந்தார். நல்லவர் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஒரு மாதம் அக்கா பாஸ்புக்கில் பதிவு போடச் சொன்னார். நான் கொண்டுபோய்ப் போட்டேன். அதில் செக் மூலம் 2,60,000 ரூபாய் ரொக்கம் எடுத்ததாக ஒரு வரி. தேதி பதினெட்டு நாள் முன்னால்.

அக்காவிடம் கேட்டேன். "நான் எடுக்கலையேடா" என்றார். செக் புத்தகத்தைப் பார்த்தேன். முன்னால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. கடைசித் தாள் மட்டும் இல்லை. அனுபவப்பட்ட கை. நடுவிலோ கடைசியிலோ ஒரு தாளைக் கிழித்தால், வரிசை அந்த இடம் வரும் வரை வீட்டில் யாருக்கும் தெரியாது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரவில்லையா என்றால், வந்திருக்கிறது. அத்தானுடைய பழைய எண்ணுக்கு. அவர் போன பிறகு அந்த போன் அலமாரியில் அணைந்து கிடக்கிறது.

வங்கியில் செக்கைக் காட்டச் சொன்னோம். பேரர் செக். முன்னால் அக்கா பெயரில் கையெழுத்து. பின்னால் பணம் வாங்கியவர் கையெழுத்து, ஆதார் எண், போன் எண். கூடவே அவருடைய ஆதார் அட்டையின் ஜெராக்ஸ். எல்லாம் அந்த உதவியாளருடையதுதான். எதையும் மறைக்கவே இல்லை! மேலாளர் சொன்னார்: "ஐயா, நாங்க விதிப்படிதான் செய்தோம். வந்தவரோட அடையாளச் சான்று வாங்கியிருக்கோம். ஒரிஜினலோட ஒத்துப் பார்த்திருக்கோம். செக்கைப் பத்திரமா வெச்சுக்காதது உங்க கவனக்குறைவு."

எனக்குத் தலைமை எழுத்தரின் குரல் கேட்டது. வந்தவன் யார் என்று நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். அக்கா அவனை அனுப்பினாரா என்று யாரும் பார்க்கவில்லை.

அக்காவின் மாதிரிக் கையெழுத்தையும் அந்த செக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். கணினித் திரையில் மாதிரி வந்தது. அக்கா தமிழில் கையெழுத்துப் போடுபவர். பெயரை முழுதும் எழுதிவிட்டு, கடைசியில் ஒரே வீச்சாகப் புள்ளிகளை வைப்பார். அதனால் புள்ளிகள் எழுத்தின் தலைமேல் நிற்காமல் வலப்பக்கம் தள்ளிப்போயிருக்கும். செக்கில் இருந்த கையெழுத்தில் ஒவ்வொரு புள்ளியும் அதனதன் எழுத்தின் மேல் அச்சுப்போல் நின்றது. மேலோட்டமாகப் பார்த்தால் இந்தக் கையெழுத்துதான் அழகு. இன்னொன்று, கோடு. வேகமாகப் போடும் கையெழுத்தில் கோடு தொடக்கத்திலும் முடிவிலும் மெலிந்து போகும். பார்த்து வரைந்த கோடு ஒரே தடிப்பில் இருக்கும், வளைவு வரும் இடத்தில் பேனா தயங்கி நின்ற அடையாளம் இருக்கும், முடிவில் மொட்டையாக நிற்கும். நான் கையெழுத்து நிபுணன் இல்லை. முப்பது வருஷம் கையெழுத்தைப் பார்த்தே சம்பளம் வாங்கியவன், அவ்வளவுதான். அந்த மேலாளரும் பார்த்த பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

எழுதிக் கொடுத்தோம். இங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். செக் என்பது வாடிக்கையாளர் தன் வங்கிக்குக் கொடுக்கும் கட்டளை. கையெழுத்து போலியானால் அங்கே கட்டளையே இல்லை. கட்டளை இல்லாமல் கொடுத்த பணத்தை வாடிக்கையாளர் கணக்கில் கழிக்க வங்கிக்கு உரிமை கிடையாது. 1987-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத்தான் சொன்னது. ஒரு கம்பெனியின் செக் புத்தகத்தைத் தன் பொறுப்பில் வைத்திருந்த ஊழியரே நிர்வாக இயக்குநரின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு 42 செக்குகளில் பணம் எடுத்துவிட்டார். கம்பெனி கவனமாக இல்லை, கணக்கைச் சரிபார்க்கவில்லை என்று வங்கி வாதாடியது. அது போதாது, பணத்தைக் கொடு என்று தீர்ப்பு வந்தது. இதை மனுவில் குறிப்பிட்டோம். முப்பது நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மனிடம் போவோம் என்றும் எழுதினோம். போக வேண்டி வரவில்லை. காவல் நிலையப் புகார், விசாரணை எல்லாம் ஆகி, நாலு மாதத்தில் பணம் அக்கா கணக்குக்குத் திரும்பி வந்தது.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் பணம் எப்படியும் திரும்பி வரும் என்று நினைக்க வேண்டாம். அக்கா ஒரு வெற்று செக்கில் தானே கையெழுத்துப் போட்டு, "மருந்துக்கு ரெண்டாயிரம் எடுத்துட்டு வா" என்று கொடுத்திருந்து, அவன் தொகையை 2,60,000 என்று நிரப்பியிருந்தால் கதை வேறு. கையெழுத்து உண்மை. பேரர் செக். நல்லெண்ணத்தோடும் அலட்சியம் இல்லாமலும் கொடுத்தோம் என்று காட்டினால் வங்கி தப்பித்துக்கொள்ளும். பணம் போனது போனதுதான். நம் வயதுக்காரர்கள் எத்தனை பேர் வெற்று செக்கில் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறோம்? 'நான் திடீர்னு விழுந்துட்டா பிள்ளைக்கு உதவும்' என்று! இன்றைக்கே எடுத்துக் கிழித்துப் போடுங்கள்.

இப்போது என் கோபம் யார் மேல் என்று சொல்கிறேன். இரண்டு பக்கமும் இருக்கிறது.

வங்கியிடம் சொல்வது இது. ஜெராக்ஸ் வாங்குவது சரிபார்ப்பு ஆகாது. பேரர் செக் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கொண்டு வந்தவரின் ஆதாரை அல்ல, செக் எழுதியவரின் கையெழுத்தை. அதைத் திரையில் மாதிரியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். பெரிய தொகை என்றால் இரண்டாவது அதிகாரி பாஸ் செய்ய வேண்டும் என்று வைத்திருப்பது இரண்டாவது ஜோடிக் கண்ணுக்காக. முதல் ஆள் பார்த்திருப்பார் என்று இரண்டாம் ஆளும், இரண்டாம் ஆள் பார்ப்பார் என்று முதல் ஆளும் விட்டால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். அக்கா செக்கில் நடந்தது அதுதான். செக் எழுதியவருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். வங்கிப் பதிவில் இருக்கும் எண்ணுக்குப் போடுங்கள், வந்தவர் சொல்லும் எண்ணுக்கு அல்ல. அந்த எண் அணைந்திருந்தால், வயதானவர் கணக்கில் இவ்வளவு தொகை போகும்போது அதுவே ஒரு எச்சரிக்கை. இத்தனையும் பார்த்த பிறகு கடைசியில் வந்தவரின் அடையாளத்தை வாங்குங்கள். அது எதற்கு? நாளைக்குத் தகராறு என்றால் யாரைத் தேடுவது என்பதற்கு. தடுப்பதற்கு அல்ல.

நம் ஆட்களிடம் சொல்வது இது. பாஸ்புக் கேட்டால் கொடுங்கள். எதிரில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடுங்கள். அதிகாரி எழுந்து வந்து முகத்தைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள். அக்கா செக் போன அன்று அப்படி ஒருவர் எழுந்து வந்திருந்தால் நாலு மாதம் நாங்கள் அலைந்திருக்க மாட்டோம். "எதுக்குப் பணம்" என்று கேட்டதுதான் நண்பருக்கு ரொம்பச் சுட்டது. போலீஸ் என்றும் சி.பி.ஐ. என்றும் சொல்லி முதியவர்களைப் போனிலேயே மிரட்டிப் பணம் பறிக்கிற காலம் இது. மிரட்டலில் வந்து நிற்பவர் முகத்தில் அது தெரியும். அதற்காகக் கேட்கிறார்கள். "வீடு ஒழுகுது தம்பி" என்றால் முடிந்துவிடும்.

நீங்கள் போக முடியாமல் வேறு ஒருவரை அனுப்பினால், பழைய கருவூல முறையைச் செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளில், இந்த எண்ணுள்ள செக், இந்தத் தொகை, கொண்டு வருபவர் இன்னார் என்று எழுதி, அவர் கையெழுத்தை வாங்கி, அதை உறுதி செய்து நீங்கள் கையெழுத்துப் போட்டு செக்கோடு அனுப்புங்கள். கிளைக்கு முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள். செக்கில் எழுத்தில் எழுதும் தொகைக்குப் பின்னால் கோடு போட்டு மூடுங்கள். எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதுதான் செல்லும் என்பது சட்டம், ஆனால் கவுன்டரில் பெரும்பாலும் திருப்பித்தான் அனுப்புவார்கள். நீங்களே போய் எடுப்பதாக இருந்தால் செல்ஃப் என்று எழுதி, 'ஆர் பேரர்' என்பதை அடித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இது நியாயத்துக்காக. கண்டிப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டு இதைச் சொல்லாவிட்டால் நான் ஒருதலைப்பட்சமாக எழுதியவன் ஆவேன். நம் கை நடுங்குகிறது. என் மாதிரிக் கையெழுத்து நான் முப்பத்தைந்து வயதில் போட்டது. பிரெஞ்சுப் பள்ளியில் பழகிய சாய்ந்த எழுத்து, கடைசியில் ஒரு சுழி. இப்போது அந்தச் சுழி வருவதில்லை. போன வருஷம் கவுன்டரில் என் செக்கைத் திருப்பி, "சார், மறுபடி போடுங்க, மறுபடி போடுங்க" என்று மூன்று முறை போட வைத்தார்கள். மூன்றும் மூன்று மாதிரி இருந்தது. இதில் யார் மேலும் குற்றம் இல்லை, முறைதான் தப்பு. பொருந்தும் வரை போட வைப்பது சரிபார்ப்பு இல்லை, அது ஓவியப் பயிற்சி! முதுமையின் நடுக்கம் கையெழுத்து முழுவதும் இருக்கும், ஆனால் ஓட்டமும் உருவமும் பழசாகவே இருக்கும். போலி போடுபவன் தயங்குவது வளைவுகளில். பழகிய கண்ணுக்கு இது தெரியும். தெரியாவிட்டால், நேரில் நிற்கும் ஆளின் அடையாளத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கே புதிய மாதிரிக் கையெழுத்தை எழுதி வாங்கிப் பதிவில் ஏற்ற வேண்டும். நான் அப்படித்தான் கேட்டு மாற்றினேன். நீங்களும் கை ஓரளவு நன்றாக இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். அப்படியே போன் எண்ணையும்.

கையெழுத்தே போட முடியாதவர்களுக்கும் ரிசர்வ் வங்கி வழி சொல்லியிருக்கிறது. நோயிலோ முதுமையிலோ கிடப்பவரிடம் கைரேகையோ கால்விரல் ரேகையோ வாங்கலாம். அதுவும் முடியாவிட்டால் ஏதாவது ஒரு குறி. அதை வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும். அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரி. பணத்தை யார் வந்து எடுப்பார் என்று அந்த நோயாளியிடமே கேட்க வேண்டும். எடுக்கப் போகிறவரையும் இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும், அவர் கையெழுத்தையும் வங்கி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பார்த்தீர்களா, எங்கள் பியூன் கதைதான்! யார் வருகிறார் என்பதோடு நிற்காமல், யார் அனுப்பினார் என்றும் கேட்கிறது அந்த விதி. படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு இவ்வளவு செய்ய வேண்டும் என்று எழுதி வைத்தவர்கள், அக்காவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்.

நண்பர் டெரஸ் வேலையை ஆரம்பித்துவிட்டார். நாளைக் காலை கடற்கரையில் என்னைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. அந்த இருபது நிமிஷத்துக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு வரச் சொல்லப்போகிறேன். சண்டை வந்தால் வரட்டும்.